பார்சல் எடுக்க வந்தவர் விழுந்தால் கடைக்குப் பொறுப்பில்லையா?

எங்கள் தெருமுனை ஓட்டல் வாசலில் மழைநீர் கால்வாய் மேல் போட்ட சிலாப் பல மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. போன வாரம் பார்சல் எடுக்க வந்த டெலிவரி தம்பி அதில் கால் வைத்ததும் சிலாப் சாய்ந்து, கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டல்காரர் சொன்னது இதுதான்: "பார்த்து வந்திருக்கணும். அவர் எங்க ஆளும் இல்லை, கம்பெனிகிட்ட கேட்கச் சொல்லுங்க."

எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பது வேறு, வாசலைப் பத்திரமாக வைத்திருப்பது யார் கடமை என்பது வேறு. 1866-லேயே இங்கிலாந்து நீதிமன்றம் இதைப் பிரித்துப் பார்த்துவிட்டது. சர்க்கரை ஆலைக்கு கேஸ் வேலையாக வந்த வெளியாள் ஒருவர், தடுப்பில்லாத குழியில் விழுந்தார். இடத்துக்காரரின் தொழில் சம்பந்தமாக வருபவருக்கு, இடத்துக்காரர் அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய ஆபத்திலிருந்து பாதுகாப்பு தர வேண்டும் என்றது 'இண்டர்மார் எதிர் டேம்ஸ்' தீர்ப்பு. டெலிவரி தம்பி வந்தால்தான் அந்த ஆர்டருக்குக் கடைக்குக் காசு. அப்புறம் எப்படி அவர் அந்நியர் ஆவார்?

இதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றங்கள் இந்தப் பொதுக் கோட்பாடுகளைத்தான் பின்பற்றுகின்றன. டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து ஆட்கள் இறந்த வழக்கில், சாலையோரக் கட்டடத்தைப் பராமரிப்பது உரிமையாளர் கடமை, குறை வெளியே தெரியவில்லை என்பது சாக்கு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1966-இல் சொன்னது. இங்கே குறை ஒளிந்துகூட இல்லை, நடந்தவர்கள் எல்லோரும் கடைக்காரரிடம் சொன்னார்கள். ஒரு மூட்டை சிமெண்ட்டில் முடிகிற வேலை, அதுவும் இல்லையென்றால் ஒரு தடுப்பு வைத்திருக்கலாம்.

சரி, அந்தத் தம்பி போனைப் பார்த்துக்கொண்டே நடந்திருந்தால்? அதற்காக வழக்கு விழுந்துவிடாது, தொகைதான் குறையும். மருத்துவச் செலவும் வேலை இழப்பும் சேர்ந்து 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்கத் தவறு கால் பங்கு என்று நீதிமன்றம் கருதினால் 90,000 ரூபாய் கிடைக்கும்.

வழக்கு சாதாரணமாகத் தோற்பது சாட்சியம் இல்லாமல்தான். எங்கள் ஓட்டலிலும் மறுநாள் காலையே சிலாப்பைப் பூசிவிட்டார்கள். நல்லவேளை, முந்தைய இரவே பக்கத்துக் கடைக்காரர் படம் எடுத்து வைத்திருந்தார். டெலிவரி தம்பி எந்த நேரத்தில் எந்தக் கடையில் இருந்தார் என்பதற்கு ஆப்பில் உள்ள ஆர்டர் விவரம் போதும். மருத்துவமனையில் "வண்டியிலிருந்து விழுந்தேன்" என்று பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு, எங்கே எப்படி விழுந்தார் என்று அங்கேயே சரியாகச் சொல்ல வேண்டும். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், அதை வைத்திருக்கச் சொல்லி ஓட்டலுக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். வக்கீல் நோட்டீஸ் அடுத்த வாரம் போகிறது.