12.7 விநாடி, எந்த 12.7?

மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் ஓடப் பழகிய தம்பி ஒருவர் பிற்பாடு பி.பி.எட். முடித்து, அவரும் உடற்கல்வி ஆசிரியராகிவிட்டார். தனியார் பள்ளி ஒன்றில் தடகளப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, தம் தன்விவரத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான்கு பக்கம். "உருவாக்கிய மாநில அளவிலான வீரர்கள்", "சாதனைகள்", "சான்றிதழ்கள்" என்று மூன்று தலைப்புகள், நடுவே கோப்பைகளோடு எடுத்த படங்கள். இப்படிப்பட்ட பட்டியல்கள் முகநூலிலும் நாள்தோறும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஆனால் ஒரு பயிற்சியாளர் என்ன செய்தார் என்பதை மட்டும் அவை சொல்வதில்லை என்பது என் கருத்து.

அந்தத் தன்விவரத்தில் ஒரு வரி: "மாணவி, 100 மீட்டர், 12.7 விநாடி, வட்டார அளவில் முதலிடம்." எப்படி எடுத்த நேரம் என்று கேட்டேன். "ஸ்டாப்வாட்ச்தான் சார், மூன்று பேர் எடுத்தோம்" என்றார். மூன்று கடிகாரங்களில் நடுவில் வரும் நேரத்தை எடுத்து, நூறில் ஒரு பங்கு மிச்சம் இருந்தால் அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றிக்கொள்வது விதி. அதைச் சரியாகவே செய்திருந்தார்கள். சிக்கல் தொடக்கத்தில்தான் இருந்தது. கையால் நேரம் எடுப்பவர் துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதும் கண்டதற்கும் அழுத்தியதற்கும் இடையே சிறு தாமதம் இருக்கும் என்பதால்தான், கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 100 மீட்டருக்கு 0.24 விநாடியைக் கூட்டிக்கொள்வது தடகளத்தில் நெடுநாள் வழக்கம். அன்று துப்பாக்கி இல்லை. விசில் ஊதித்தான் ஓட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். முடிவுக் கோட்டில் நிற்பவர்களுக்கு அந்த விசில் சத்தம் 100 மீட்டரைக் கடந்து வந்து சேர ஏறத்தாழ 0.29 விநாடி ஆகும். பிள்ளை கிளம்பிய பிறகுதான் கடிகாரமே ஓடத் தொடங்குகிறது.

12.7 உடன் 0.24, அதன் மேல் 0.29 என்று கூட்டினால் 13.23 வருகிறது. இது தோராயம்தான், எந்தப் பதிவேட்டிலும் ஏற்றக்கூடிய எண்ணல்ல. ஆனால் அதே மாணவி சில மாதங்கள் கழித்து மின்னணு நேரக்கருவி வைத்த விளையாட்டரங்கில் 13.16 விநாடியில் ஓடியிருக்கிறாள். அந்த நேரத்தைத் தம்பி தன்விவரத்தில் சேர்க்கவே இல்லை. "நேரம் கூடிப்போய்விட்டது சார், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்" என்றார். பெண்ணின் அப்பாவும் அப்படித்தான் நினைத்து, பயிற்சி சரியில்லையோ என்று கேட்டுவிட்டாராம். கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான், அவள் பின்வாங்கவில்லை, சற்றே முன்னேறியிருக்கிறாள் என்பது தம்பிக்கே புரிந்தது. அவருடைய உழைப்புக்கு இருந்த நல்ல சான்றை அவர் கையாலேயே நீக்கியிருந்தார்.

இன்னொன்றும் கேட்டேன்: எந்த மாதம், எந்தத் திசையில் ஓடினார்கள்? ஆடி மாதம், மேற்கிலிருந்து கிழக்கே. நம் பகுதியில் ஆடிக்காற்று தென்னை மட்டையைத் தள்ளும் நேரம் அது. 100 மீட்டரில் பின்னிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் அந்த நேரத்தைச் சாதனையாக ஏற்பதில்லை. வட்டாரப் போட்டியில் காற்றுமானி யாரிடம் இருக்கிறது? அதனால் நேரத்தைக் குறிப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை நேரம், விசில் தொடக்கம், மண் தரை, காற்று அளக்கப்படவில்லை என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால், படிக்கத் தெரிந்தவர் சரியாகப் படித்துக்கொள்வார். குண்டு எறிதலிலும் இதே கதைதான்: 18 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 5 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 6 கிலோ, ஆண்களுக்கு 7.26 கிலோ என்று குண்டு மாறிக்கொண்டே போகும்போது, எடையைச் சொல்லாமல் மீட்டரை மட்டும் சொன்னால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

அடுத்தது, "உருவாக்கிய" என்ற சொல். பட்டியலில் 22 பெயர்கள் இருந்தன. ஒவ்வொருவரையும் எப்போது கையில் எடுத்தார், எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்று கேட்டுக்கொண்டே போனோம். எட்டுப் பேர் மாநிலப் போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் இவரிடம் வந்தவர்கள். நான்கு பேரை இவர் போட்டிக்குப் பேருந்தில் அழைத்துப் போயிருக்கிறார், அவ்வளவுதான். மிச்சம் பத்துப் பேர். இதில் நான் அவரைக் குறை சொல்லும் தகுதியுடையவன் அல்லன். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் இருந்துவிட்டு விளையாட்டு விடுதிக்குப் போய், அங்கே மூன்றாண்டு பழகிய பிறகு பதக்கம் வாங்கிய பையன் ஒருவனை, என் அறைக்கு வெளியே தொங்கிய பலகையில் பல ஆண்டுகள் என் கணக்கிலேயே வைத்திருந்தேன். அவனுக்கு ஓட்டத்தில் கை வீசச் சொல்லிக்கொடுத்தது நான். பதக்கம் வாங்க வைத்தது வேறொருவர். இரண்டையும் எழுத இடம் இருந்தது, நான் ஒன்றைத்தான் எழுதினேன்.

என்னைக் கேட்டால், பதக்கத்தைவிட முன்னும் பின்னும் எடுத்த அளவுதான் பயிற்சியாளரைக் காட்டும். இயல்பிலேயே வேகமான பிள்ளை யாரிடம் இருந்தாலும் வட்டாரத்தில் ஜெயிக்கும். பதினைந்தரை விநாடியில் வந்த பிள்ளையை இரண்டாண்டில் பதினான்குக்குக் கொண்டுவந்தவர் செய்த வேலை எந்தச் சான்றிதழிலும் ஏறாது. அந்த வயதில் வளர்ச்சியாலும் நேரம் குறையும் என்பது உண்மை. ஆகவே வயதையும் சேர்த்தே எழுத வேண்டும். விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையையும் எழுதச் சொன்னேன். அவர் தயங்கினார். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிக் களிமண் காலைக் கவ்வும்; வாய்க்கால் கரைச் சாலையில்தான் ஓட்டம். பத்தாம் வகுப்புத் தேர்வு வந்தால் வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த நிலையில் 31 பேர் தொடங்கி 10 பேர் மூன்றாண்டு நின்றார்கள் என்பது குறைவான எண்ணிக்கை அல்ல.

சான்றிதழ்ப் பக்கத்தில் முதல் வரி "என்.ஐ.எஸ்." என்று மட்டும் இருந்தது. பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஓராண்டுப் பயிற்சியாளர் பட்டயமும் இருக்கிறது, ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கிறது. இரண்டையும் முடித்தவர்களை நம் ஊரில் ஒரே மூச்சில் "என்.ஐ.எஸ். முடித்தவர்" என்கிறோம். இவர் முடித்தது ஆறு வாரம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதை அப்படியே எழுத வேண்டும். பி.பி.எட். பள்ளியில் ஆசிரியராவதற்கான பட்டம்; நடுவர் தேர்வில் பெற்ற சான்று விதிகள் தெரியும் என்பதற்கு ஆதாரம்; இரண்டுமே பயிற்சியாளர் தகுதியாகிவிடாது. ஒரு நாள் இணையவழிக் கருத்தரங்குச் சான்றிதழ்கள் பதினொன்று இருந்தன. அவற்றை நீக்கச் சொன்னபோது அவர் முகம் வாடியது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. அந்த மாணவியின் வரி கடைசியில் இப்படி நின்றது: "ஏழாம் வகுப்பில் 12 வயதில் சேர்ந்தார், அப்போது 100 மீட்டர் 15.4 (கை நேரம்). தொடர்ந்து மூன்றாண்டு என்னிடம் பயிற்சி. வட்டாரப் போட்டியில் 12.7, முதலிடம் (கை நேரம், விசில் தொடக்கம், மண் தரை, காற்று அளக்கப்படவில்லை). அதே ஆண்டில் 13.16 (மின்னணு நேரம்), தகுதிச் சுற்றோடு வெளியேறினார்." கடைசி மூன்று சொற்களை எடுத்துவிடலாமா என்று தம்பி வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்டார். இருக்கட்டும் என்றேன்.