கேஸ் வந்த பிறகும் போகாத புகை

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எட்டு வருடம் ஆகிறது. அம்மாவின் இருமல் மட்டும் போகவில்லை. போன தை மாதம் ஊருக்குப் போனபோது, காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்துப் போனேன். பகலெல்லாம் சமையலறையில் 40ஐ ஒட்டியே காட்டியது. மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு 900ஐத் தாண்டியது. அப்போது கேஸ் எரியவே இல்லை. பின்கட்டில் எரிந்த வெந்நீர் அடுப்பின் புகைதான் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்த எண், ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 துகள் எத்தனை மைக்ரோகிராம் என்பதைச் சொல்கிறது. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துகள் அது. ரோட்டுப் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். இது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும், அதில் மிக நுண்ணியது ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் இருமல், மூச்சிரைப்போடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை போகிறது. டீசல் வண்டி, அனல் மின்நிலையம், போகிப் புகை எல்லாமே இதைத் தருகின்றன. ஆனால் அடுப்புப் புகை முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கிளம்புகிறது. ஊதுகுழலோடு குனியும்போது அந்த ஒரு முழமும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு மணி நேரம் 900, மீதி 22 மணி நேரம் 40 என்று வைத்துக்கொண்டால், அன்றைய சராசரி 112 வருகிறது. நம் நாட்டில் 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் அம்மாவின் சராசரி 40க்கு இறங்கிவிடும்.

“முன்னே மூணு வேளையும் விறகு, இப்போ வெந்நீருக்கு மட்டும்தானே” என்கிறார் அம்மா. நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் புகை பாதியானால் பாதிப்பும் பாதியாகிவிடுவதில்லை. இதய நோயைப் பொறுத்தவரை, முதலில் சேரும் கொஞ்சம் புகையே ஆபத்தை வேகமாக ஏற்றிவிடுகிறது. அதற்குமேல் ஏறுவது மெதுவாகத்தான். எனவே மிச்சமிருக்கும் அந்த ஒரு அடுப்பை அணைப்பதில்தான் பெரிய லாபம் இருக்கிறது.

இதில் எளிய விடை கிடையாது என்பதும் உண்மை. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் சுமார் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் கேஸ் இலவசம். அவர்கள் சுவாசித்த துகள் 24 அளவுக்கு இறங்கியது, மற்றவர்களுக்கு 71. ஆனாலும் 2022இல் முடிவு வந்தபோது குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கேஸ் அவர்கள் கைக்கு வந்ததே கர்ப்பம் சில மாதம் ஆன பிறகுதான். இதை வைத்துக் கேஸால் பயனில்லை என்று சொல்லக்கூடாது. நுரையீரலும் இதயமும் பல வருடக் கணக்கில் கெடுபவை, அதை அந்த எடை காட்டாது.

சரி, வெந்நீருக்கு என்ன செய்வது? கேஸில் போட்டால் சிலிண்டர் சீக்கிரம் தீரும் என்று அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தினம் நாலு வாளி போட்டால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சிலிண்டர் அதற்கே போய்விடும். கரண்டில் 15 லிட்டர் வாளிக்குச் சுமார் 0.4 யூனிட் ஆகும். நாங்கள் சின்ன கீசர் மாட்டினோம். வாளியில் போடும் ஹீட்டர் ராடு மலிவுதான், ஆனால் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

கரண்டுக்கு வழியில்லாத வீட்டில் அடுப்பை ஜன்னலை விட்டுத் தள்ளி, காற்று வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும் இடத்துக்கு மாற்றலாம். விறகை மெல்லிசாகப் பிளந்து நன்றாகக் காயவைத்தால் புகை குறையும். ஈர விறகும், வாய் நிறையத் திணித்த அடுப்பும் எரியாமல் புகையும். பற்றவைக்க பிளாஸ்டிக் கவரைப் போடவே கூடாது. முந்தானையால் மூக்கை மூடினால் எரிச்சல் குறைந்ததுபோல் தோன்றலாம், ஆனால் இந்தத் துகளை அது தடுக்காது.

இந்தக் கருவியை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சோற்றுப் பானையின் ஆவி பட்டாலும் நீர்த்துளியைத் துகளாக எண்ணி எகிறும். பானையை விட்டுத் தள்ளி, நிற்பவரின் மூக்கு உயரத்தில் வையுங்கள்.

கீசர் வந்த பிறகு விடிகாலையில் 45 காட்டியது. மிளகாய் வறுத்தபோது மட்டும் கேஸிலேயே 300ஐத் தொட்டது. அதனால் எக்ஸாஸ்ட் ஃபேனை வறுக்கும் முன்பே போட்டு, முடிந்த பிறகும் பதினைந்து நிமிடம் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் செய்தோம். மூச்சுக்குழாய் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது, போனது திரும்பாது, இனி வேகமாகக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். “பீடி, சிகரெட் உண்டா?” என்பதுதான் அவர் முதலில் கேட்ட கேள்வி. அடுப்பைப் பற்றி நாங்களாகத்தான் சொன்னோம்.