உள்ளேதான் இருக்கிறேன், அப்புறம் எதற்கு மறுபடி பாஸ்வேர்ட்?

போன வாரம் மச்சான் கடுப்பில் போன் செய்தார். 2009-ல் தொடங்கிய பழைய மெயில் கணக்கு ஒன்றை அழிக்கப் பார்த்திருக்கிறார். வீட்டு லேப்டாப்பில் வருஷக்கணக்கில் திறந்தே கிடக்கும் கணக்கு அது. நீக்கு என்று தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கிறது. பிரௌசரே அதை நிரப்பிவிட்டது. அடுத்து, 47-ல் முடியும் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அந்த சிம்மை அவர் விட்டு நாலு வருஷம் ஆகிறது. "என் கணக்கு, நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், என்னிடமே யார் நீ என்று கேட்கிறான் மாப்ள!"

கேட்கத்தான் வேண்டும் என்பேன் நான். லாகின் ஆகியிருப்பது என்றால் என்ன? எப்போதோ ஒருநாள் இந்த லேப்டாப்பில் சரியான பாஸ்வேர்ட் அடிக்கப்பட்டது, அதற்கு அடையாளமாக ஒரு குக்கீ பிரௌசரில் கிடக்கிறது, அவ்வளவுதான். இப்போது கீபோர்டில் இருக்கும் கை யாருடையது என்று அந்தக் குக்கீக்குத் தெரியாது. மெயில் படிக்க அது போதும். ஆனால் வீட்டில் குடியிருப்பது வேறு, வீட்டை விற்கப் பத்திர ஆபீஸில் கைரேகை வைப்பது வேறு இல்லையா? பாஸ்வேர்ட் மட்டும் ஏன் போதாது என்பதற்கு மச்சானே சாட்சி. அதை அவர் அடிக்கவில்லை, பிரௌசர் அடித்தது. லேப்டாப்பைத் திருடியவனுக்கும் அதே பிரௌசர் அதே மாதிரி நிரப்பிக் கொடுக்கலாம். அதனால்தான் இன்னொரு பொருளில், அதாவது கையில் இருக்கும் போனில், ஒரு எண்ணைக் காட்டு என்கிறார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2012 ஆகஸ்டில் மேட் ஹோனன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு நடந்தது. திருடர்களுக்கு வேண்டியது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர். அதற்காக அவருடைய ஆப்பிள் கணக்கைப் பிடித்தார்கள். அவருடைய ஜிமெயிலுக்கு மீட்பு முகவரியாக, அதாவது பாஸ்வேர்டை மாற்றும் வழி போய்ச் சேரும் இடமாக, இருந்தது அந்த ஆப்பிள் மெயில்தான், ஆகவே ஜிமெயிலும் போனது. போன், ஐபேட், மேக்புக் மூன்றிலும் இருந்ததைத் தூரத்தில் இருந்தே அழித்தார்கள். அவர் திரும்பி வந்து மீட்டுவிடக் கூடாது என்று கூகுள் கணக்கையே அழித்தார்கள். பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை அவர் போட்டு வைத்திருக்கவில்லை. மீட்பு வழி இருப்பது மட்டும் போதாது, அந்த வழியும் கெட்டியாக இருக்க வேண்டும் என்று நான் கற்றது இதில்தான்.

சரி, மச்சான் கதைக்கு வருவோம். "உள்ளேதான் இருக்கீங்க, எண்ணை மாற்றிவிட்டு அழிங்க" என்றேன். எண்ணை மாற்றப் போனால் அங்கேயும் அதே 47! அழிப்பதற்கு உள்ள பூட்டுதான் மீட்பு எண்ணை மாற்றுவதற்கும். எண்ணை மாற்றுவது மாதிரியான ஏற்பாடுகளை எல்லாம் பழைய எண் உயிரோடு இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம், நம் நாட்டில் ஒருவர் விட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அந்த ஓடிபி இந்நேரம் யார் போனில் மினுக்கியதோ.

கூகுள் கணக்காக இருந்தால் நான் செய்வது இதுதான். முதலில் myaccount.google.com போய், பாதுகாப்புப் பகுதியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, போன் கையில் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகப் போடும் பேக்கப் கோடுகளை எடுத்துவிடுவேன். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் செல்லும், புதிதாகப் பத்து எடுத்தால் பழையவை செல்லாது. அதை அந்த மெயிலுக்குள்ளேயே சேமித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பீரோவைப் பூட்டி சாவியை உள்ளே போட்ட கதை. எனக்குக் காகிதம்தான், ரேஷன் கார்டு உறைக்குள். பிறகு மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் இன்றும் நான் பயன்படுத்துபவையா என்று பார்ப்பேன். மாற்றினால் அன்றைக்கே அழிக்க உட்கார மாட்டேன், ஏனென்றால் மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் வைத்திருக்கிறது. (திருடன் எண்ணை மாற்றினால் சொந்தக்காரன் தப்பிக்க அது உதவும்.) அந்த ஒரு வாரத்தில் மறைநிலை ஜன்னலைத் திறந்து, சேமித்த பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல், ஒரு பேக்கப் கோடைச் செலவழித்து உள்ளே வர முடிகிறதா என்று சோதிப்பேன். வர முடியவில்லை என்றால் ஏற்பாட்டில் ஓட்டை.

அழிக்கும் முன், வேறு எந்தக் கணக்குக்கெல்லாம் இந்த மெயில் மீட்பு முகவரியாக இருக்கிறது என்று தேடி, அவற்றை மாற்றிவிடுங்கள். அழித்த பின்பும் கோடு காகிதத்தைக் கிழிக்காதீர்கள். பேஸ்புக்கில் 30 நாளுக்குள் மனம் மாறினால் அழிப்பை ரத்து செய்யலாம், ஆனால் அதற்கும் லாகின் ஆக வேண்டும், லாகினுக்கு அதே மாதிரி ஓடிபியோ கோடோ கேட்கலாம்.

மச்சானின் கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. படிக்கலாம், அனுப்பலாம், அழிக்க மட்டும் முடியாது. லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.