அறுவடை முடிந்தால் குத்தகையும் முடிந்ததா?

“எழுத்துல ஒண்ணும் இல்ல, வாய்ப்பேச்சு வாரம்தான். களத்துல நெல்லு அளந்ததும் நிலத்தைப் பிடுங்கிக்கலாமாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு.”

தமிழ்நாட்டில் இது தவறு. 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வாய்ப்பேச்சும் போதும். குத்தகைதாரர் தானோ குடும்பமோ வயலில் இறங்கி உழைத்திருக்க வேண்டும். கூலிக்கு நட்டவருக்கு இது பொருந்தாது. குத்தகை பாக்கி இருந்தாலும் உரிமையாளர் தானாக வெளியேற்ற முடியாது. வருவாய் நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். பாக்கியைக் கட்ட அங்கே அவகாசம் தரலாம்.

பாக்கி எவ்வளவு? நியாய வாரம், அதாவது உரிமையாளருக்குச் சேர வேண்டிய குத்தகைப் பங்கு, வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம். வயலில் வழக்கமாக 40 மூட்டை விளையும் என்றால் உரிமையாளருக்கு 10. களத்தில் 7 அளந்திருந்தால் பாக்கி 3 மூட்டைதான். 'பாதிக்குப் பாதி' என்று 20 கேட்பது ஊர் வழக்கம், சட்டம் இல்லை.

நெல்லை வாங்க மறுத்தால், அன்றைய சந்தை விலைக்கு உரிய பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிடலாம். களத்தில் அளக்கும்போதே மூட்டைக் கணக்கெழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் சண்டை வருவதே அந்த எண்ணிக்கையில்தான்.