கொலனோஸ்கோபிக்கு முந்தின நாள் கேழ்வரகுக் கூழ் குடிக்கலாமா?

"கொலனோஸ்கோபிக்கு முந்தின நாள் கேழ்வரகுக் கூழ், பால், பழ ஜூஸ் எது வேணும்னாலும் குடிக்கலாம், எல்லாம் தண்ணி ஆகாரம்தானே, நார்ச்சத்து குடலையும் சுத்தம் பண்ணிடும்."

தவறு. கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை இது, அதனால் முந்தின நாள் தெளிந்த திரவம்தான் குடிக்கணும். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரிய வேண்டும், அதுதான் தெளிந்த திரவம். வடிகட்டிய இளநீர், பால் சேர்க்காத டீ, தெளிந்த ஆப்பிள் ஜூஸ், உப்பு சர்க்கரைத் தண்ணீர், மேலாகத் தெளிந்ததை மட்டும் வடித்தெடுத்த ரசம் இவையெல்லாம் சரி. கூழும் பாலும் மோரும் இதில் சேராது. பீட்ரூட், மாதுளை ஜூஸ், ரோஸ் கலர் சர்பத் வேண்டாம், அந்தச் சிவப்பு உள்ளே ரத்தம்போலத் தெரிந்து டாக்டரைக் குழப்பும்.

நார்ச்சத்து மற்ற நாட்களில் நல்லதுதான். ஆனால் அது செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்போது, அதற்கடியில் இருக்கும் பாலிப் என்ற தட்டையான சின்னச் சதை வளர்ச்சி கண்ணுக்குத் தப்பிவிடும், கொய்யா, தக்காளி, கத்திரி விதைகளோ கருவி உறிஞ்சும் குழாயையே அடைத்துவிடும்.

டாக்டர் முந்தின நாள் காலைச் சாப்பாட்டுக்கு அனுமதித்திருந்தால் இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு, தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் இல்லாமல். அப்புறம் தெளிந்த திரவமும் பேதி மருந்தும்தான். கடைசியில் மலம் வெளிர்மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். பழுப்பாக, கலங்கலாக வந்தால் கிளம்பும் முன்பே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் அன்றைய அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.