மேல் பேண்டைத் தொட்டால் ஷார்ட் என்று யார் சொன்னது?

நேற்று நம் டிரேடிங் குழுவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நண்பர் ஒருவர், விலை பொலிங்கர் பேண்டின் மேல் கோட்டைத் தொட்ட ஆறு முறையும், இனி இறங்கும் என்று ஷார்ட் போட்டு, ஆறிலும் ஸ்டாப் லாஸ் அடிபட்டு, கடைசியில் "பொலிங்கர் பேண்டே ஏமாற்று வேலை" என்று ஒரு பதிவு. பேண்டின் நடுக்கோடு, அதாவது இருபது நாள் சராசரி, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று மட்டும்தான் கேட்டேன். "தியரி பேசுறவங்க ஒதுங்கிக்கலாம்" என்றார் அந்த நண்பர். அதற்கு நாற்பது லைக்.

சரி, கணக்கையே போட்டுப் பார்ப்போம். விலை 100-இல் தொடங்கி தினமும் 1 புள்ளி ஏறுகிறது. இருபதாம் நாள் 119. இருபது நாள் சராசரி 109.5. திட்ட விலக்கம் சுமார் 5.77. அதன் இரு மடங்கைச் சராசரியோடு கூட்டினால் மேல் பேண்ட் 121. இன்னும் இருபது நாள் போகட்டும்: விலை 139, பேண்ட் 141. அதே 2 புள்ளி இடைவெளிதான். பேண்ட் சுவர் இல்லைங்க, விலையோடு சேர்ந்து நடக்கிறது. அந்த இருபதாம் நாள் மட்டும் 1-க்குப் பதில் 4 புள்ளி ஏறியிருந்தால் விலை 122, பேண்ட் 121.7, விலை பேண்டைத் தாண்டிவிடும். இதில் "அதிகமாக ஏறிவிட்டது" என்பதற்கு என்ன ஆதாரம்?

"95 சதவீதம் உள்ளேதானே இருக்கும்?" என்பீர்கள். அது மணிவடிவப் பரவலுக்கான கணக்கு. விலை அப்படிப் பரவுவதில்லை. பேண்டைத் தொடுவது தனியாக ஒரு சிக்னல் இல்லை என்று இதை உருவாக்கிய ஜான் பொலிங்கரே சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். இரண்டு மாதம் நடுக்கோடு படுத்தே கிடந்தது. மேலே தொட்டால் ஷார்ட், நடுக்கோட்டில் வெளியேறு; அருமையாக வேலை செய்தது. பிறகு பேண்ட் சுருங்கியது. ஒரு நாள் மேல் பேண்ட் மேலேயும் கீழ் பேண்ட் கீழேயும் விரிந்தது. வழக்கமான வாய்ப்பு என்று நினைத்து ஷார்ட் போட்டேன். ஏற ஏறக் கூட்டினேன். கணக்கில் பாதி போனது. ரேஞ்ச் முடிந்ததை சார்ட் காட்டிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

"முதல் தொடுதலிலேயே டிரெண்ட் என்று எப்படித் தெரியும்?" இது நியாயமான கேள்வி. உறுதியாகத் தெரியாது. விலை ஏறும்போது கீழ் பேண்ட் இறங்கினால், ஏற்ற இறக்கம் விரிகிறது என்று அர்த்தம்; நான் ஷார்ட் போக மாட்டேன். நடுக்கோடு படுத்திருந்து, இரு பேண்டும் இணையாக ஓடினால் மட்டும் போவேன். இதனால் சில நல்ல ஷார்ட்கள் கைநழுவும், நழுவட்டும்.

நண்பர் போட்ட படத்தை மறுபடி திறந்து பாருங்கள். முதல் ஷார்ட் போட்ட அன்றே கீழ் பேண்ட் கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. இதைச் சொல்லத்தான் அந்தக் கேள்வியையே கேட்டேன். என்னை ஒதுங்கச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் சேர்ந்த பிள்ளைகள் அந்த நாற்பது லைக்கைப் பார்த்துவிட்டு, பழி பேண்ட் மேல்தான் என்று நம்பிப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.