"ஒப்புக்கொள்கிறேன்" போதுமா, "தருகிறேன்" வேண்டுமா?

பத்தொன்பது வருடம் கொடைக்கானலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கடன் வழக்குக் கட்டுகளைத் தைத்துத் தைத்து விரல் காய்ச்சுப்போனவன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு புரோநோட்டு காலாவதியாகி உட்கார்ந்திருந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் கையில் இப்படி ஒரு காகிதம் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

மன்னவனூரில் இருக்கும் என் சித்தப்பா, பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவருக்கு விதைப்பூண்டு வாங்க 2,40,000 ரூபாய் கைமாற்றுக் கொடுத்தார். தேதி 11-04-2022. முப்பது வருடப் பழக்கம், அதனால் வட்டி வேண்டாம் என்று அந்த இடத்தில் கோடு இழுத்துவிட்டார்கள். கடையில் விற்கும் அச்சடித்த புரோநோட்டுத்தான். "தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது செலுத்தி" என்று வழக்கமான வாசகம். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்து. குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்தப்பா அதை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தார். "பத்திரம் இருக்குடா, பயமென்ன" என்பது அவர் கணக்கு.

பயம் அந்தக் "கேட்கும்போது" என்ற சொல்லில்தான் இருந்தது. கேட்டால்தான் கடன் விழும், கேட்காதவரை காலம் ஓடாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கேட்டவுடன் தரவேண்டிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்தே மூன்று வருடம் ஓட ஆரம்பித்துவிடும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதேதான். சித்தப்பாவின் நோட்டுக்குக் கடைசி நாள் 11-04-2025, வெள்ளிக்கிழமை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், பிப்ரவரி 9-ஆம் தேதி, அந்த மனிதர் தானாகவே வந்து 20,000 கொடுத்துவிட்டுப் போனார். இங்கேதான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. சித்தப்பா நோட்டைத் திருப்பி, பின்பக்கம் "9-2-25 வரவு ரூ. 20,000" என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டார். காலக்கெடு தீருமுன் கடனில் கொஞ்சம் கட்டினால் அன்றிலிருந்து புது மூன்று வருடம் கிடைக்கும், அது உண்மை. ஆனால் அந்த வரவு பணம் கட்டியவரின் கையெழுத்தில் இருக்க வேண்டும், அல்லது அவர் அதன் கீழே கையொப்பம் இட்டிருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தானே எழுதிக்கொண்ட வரவு காலக்கணக்குக்கு உதவாது. இல்லையென்றால் கடன் கொடுத்த எவரும் ராத்திரி உட்கார்ந்து ஒரு வரவு எழுதி மூன்று வருடம் சம்பாதித்துவிடலாமே! அன்றைக்கு அவர் கையிலேயே பேனாவைக் கொடுத்திருந்தால் பிப்ரவரி 2028 வரை கவலை இல்லை. பேனா சித்தப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

அப்புறம் ஜூனில் ஊருக்குப் போனபோது சித்தப்பா டப்பாவைத் திறந்து பெருமையாக இன்னொரு காகிதத்தைக் காட்டினார். "நீ சொல்வியேன்னு எழுதி வாங்கிட்டேன்" என்றார். 02-06-2025 தேதி. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"அண்ணன் அவர்களுக்கு, 11-4-2022ல் தங்களிடம் வாங்கிய பணத்தில் இன்று வரை ரூ. 2,20,000 பாக்கி உள்ளது என்பதை ஒப்புக்கொள்கிறேன்."

கீழே கையெழுத்து. தொகை, தேதி, யாருக்கு யார் என்பது எல்லாம் சரி. ஆனாலும் படித்துவிட்டு நான் தலையில் கை வைத்தேன். சித்தப்பாவுக்குக் கோபம். "கடன் இருக்குன்னு அவனே எழுதியிருக்கான், இதுக்கு மேல என்னடா வேணும்?"

இன்னும் ஒரு வினைச்சொல் வேண்டும் சித்தப்பா.

ஏனென்றால் இந்தக் காகிதம் காலக்கெடு முடிந்து ஏழு வாரம் கழித்து எழுதப்பட்டது. கெடுவுக்கு முன்பும் பின்பும் ஒரே வாக்கியத்துக்கு மதிப்பு வேறு. இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சில்லறை.

கெடுவுக்குள் என்றால் காலவரையறைச் சட்டத்தின் 18-வது பிரிவு. அது தாராள மனசுக்காரப் பிரிவு. கடன்பட்டவர் எழுத்தில், தன் கையெழுத்தோடு, கடன் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் போதும். அன்றிலிருந்து புது மூன்று வருடம். "பாக்கி உண்டு, ஆனால் இப்போது தரமாட்டேன்" என்று எழுதினாலும் அது ஒப்புதல்தான். கடன் கொடுத்தவருக்கு எழுதாமல் வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தாலும் எடுபடும். தேதி போட மறந்திருந்தால்கூட, எப்போது கையெழுத்தானது என்று சாட்சி வைத்து நிரூபிக்கலாம். ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்பதை வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது, காகிதம் வேண்டும். (குரல் பதிவு இருக்கிறது என்று வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். சட்டம் கேட்பது எழுத்தும் கையெழுத்தும்.) சித்தப்பா வாங்கிய அதே தாள் மார்ச் மாதம் எழுதப்பட்டிருந்தால், நான் அவருக்கு சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்திருப்பேன்.

கெடு முடிந்துவிட்டால் 18-வது பிரிவு விலகிக்கொள்ளும். நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க அதனால் முடியாது. அதற்காகக் கடன் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடன் அப்படியே இருக்கிறது, கோர்ட்டுக் கதவுதான் சாத்தியிருக்கிறது. எதிராளி வாயே திறக்காவிட்டாலும், காலாவதியான வழக்கைக் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும். அந்தக் கதவைத் திறக்க ஒரே சாவி, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு. காலாவதியான கடனை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ தருவதாகக் கடன்பட்டவர் எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையொப்பம் இட்டால், அது புது ஒப்பந்தம். கவனியுங்கள், இங்கே சட்டம் கேட்பது ஒப்புதல் அல்ல, வாக்கு. "பாக்கி உள்ளது" என்பது நடந்ததைச் சொல்வது. "தருகிறேன்" என்பது இனிமேல் செய்யப்போவதைச் சொல்வது. முதலாவதிலிருந்து இரண்டாவதைத் தானாக வருவித்துக்கொள்ளச் சொல்லி வக்கீல் வாதாடிப் பார்க்கலாம். இரண்டு லட்சத்து இருபதாயிரத்தை அந்த வாதத்தில் தொங்கவிட நான் தயாரில்லை.

சரி, என்ன செய்தேன்? கடன்பட்டவர் நல்ல மனிதர், அதுதான் இந்தக் கதையில் அதிர்ஷ்டம். மறுநாள் காலை பனி விலகுமுன்னே அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தேன். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். "அண்ணே, சட்டப்படி இப்போ நீங்க தரலைன்னாலும் எங்களால கோர்ட்டுக்குப் போக முடியாது. தர்றதா இருந்தா புதுசா எழுதிக் கொடுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்கின காசுக்குச் சட்டம் எதுக்கு தம்பி. எழுது, போடறேன்" என்றார். "பூண்டு வித்ததும் தர்றேன்னு எழுதிக்கோ."

அங்கேதான் நிறுத்தினேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பூண்டு விற்பது நிச்சயமில்லாத காரியம். காட்டெருமை இறங்கி மேய்ந்துவிட்டால்? அழுகல் விழுந்தால்? நிபந்தனை சேர்ந்தால் அது புரோநோட்டு ஆகாது, 1881-ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம் நிபந்தனையற்ற வாக்கைக் கேட்கிறது. என் கல்யாணம் முடிந்து ஏழாம் நாள் தருகிறேன் என்பது புரோநோட்டு அல்ல என்று அந்தச் சட்டமே உதாரணம் சொல்கிறது. பூண்டும் கல்யாணம் மாதிரிதான், நடந்தால் உண்டு. அதே சட்டத்தில் வெறும் "இவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்" என்ற சீட்டும் புரோநோட்டு ஆகாது. "கடன்பட்டிருக்கிறேன், கேட்கும்போது செலுத்தப்படும்" என்று சேர்த்தால் ஆகும். மறுபடியும் அந்த வினைச்சொல்தான்.

"அப்ப டிசம்பர் 31ன்னு தேதி போட்ரு" என்றார். அதற்கும் மறுத்தேன், காரணம் ஸ்டாம்ப். கேட்டவுடன் தரும் நோட்டுக்கு முத்திரைத் தீர்வை சில காசுகள்தான், ஒரு ரூபாய் ஸ்டாம்ப் தாராளம். குறிப்பிட்ட தேதியில் தரும் நோட்டுக்குத் தொகையைப் பொறுத்துத் தீர்வை கூடும். அதற்கும் ஒரு ரூபாய் ஸ்டாம்பை ஒட்டிவிட்டுப் போனால் வினை. மற்றப் பத்திரங்கள் என்றால் குறைந்த தீர்வையை அபராதத்தோடு கட்டி கோர்ட்டில் சாட்சியமாக ஏற்க வைக்கலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாம்ப் இல்லாமலோ குறைவாகவோ இருந்தால் அவ்வளவுதான். டிசம்பர் வரை கேட்கமாட்டோம் என்று வாயால் சொன்னேன், அவர் நம்பினார்.

கடைசியில் எழுதியது இது. பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் முழுதாகப் போட்டோம், இங்கே விட்டுவிடுகிறேன்.

"19-06-2025. 11-04-2022 அன்று தங்களுக்கு நான் எழுதிக்கொடுத்த புரோநோட்டின் பேரில் தங்களுக்குத் தரவேண்டிய பாக்கி ரூ. 2,20,000 (ரூபாய் இரண்டு லட்சத்து இருபதாயிரம் மட்டும்). இந்தத் தொகையைத் தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது வட்டியில்லாமல் செலுத்துகிறேன் என்று உறுதி கூறுகிறேன். மேற்படி நோட்டின் பேரில் இதைத் தவிர வேறு பாக்கி இல்லை."

எண்ணாலும் எழுத்தாலும் தொகையைப் போட்டது சம்பிரதாயத்துக்கு அல்ல. இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதுதான் நிற்கும். "வட்டியில்லாமல்" என்று வெளிப்படையாக எழுதியது அவருக்காக. வட்டியைப் பற்றி ஒன்றுமே சொல்லாத நோட்டுக்குச் சட்டம் வருடத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு என்று வைத்துவிடும். கடைசி வாக்கியமும் அவருக்காகத்தான். பழைய நோட்டு இன்னும் சித்தப்பா டப்பாவில் இருக்கிறதே, நாளைக்கு யாராவது இரண்டையும் காட்டி இரண்டு கடன் என்று சொல்லிவிடக்கூடாது.

ஸ்டாம்பின்மேல் பாதி, தாளின்மேல் பாதி விழுகிற மாதிரி கையெழுத்துப் போடச் சொன்னேன். கையெழுத்தால் அடிக்காத ஸ்டாம்ப், ஒட்டாத ஸ்டாம்புக்குச் சமம். தவிர, நம் மலை ஈரத்துக்கு ஸ்டாம்ப் பசை விட்டு உதிர்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாளில் பாதிக் கையெழுத்து நின்றால், அங்கே ஒரு ஸ்டாம்ப் இருந்தது என்றாவது சொல்லலாம்.

எழுதி வாங்குவதை அவமானமாக நினைக்கிற ஊர் நம்முடையது, அந்தக் கூச்சம் எனக்கும் உண்டு. ஆனால் அன்றைக்கு எழுதியதில் பாதி வரிகள் கடன்பட்டவரைக் காக்கிற வரிகள். இதைச் சொன்னபோது சித்தப்பா, "நீ யாருக்குடா குமாஸ்தா?" என்று கேட்டார்.

அக்டோபரில் பூண்டுக் காசு வந்ததும் அவர் 50,000 கொண்டுவந்தார். சித்தப்பா நோட்டைத் திருப்பிவைத்து, பேனாவை நீட்டினாராம். அவர் தன் கையாலேயே வரவு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார். சித்தப்பா எனக்குப் போன் போட்டு முழுசாக வாசித்துக் காட்டினார்.

"தேதி?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பக்கம், "ஏப்பா, போயிடாத, திரும்பி வா" என்று அவர் வாசலை நோக்கிக் கூப்பிடுவது கேட்டது.